தேடியும் கிடைக்காத 90 பக்கங்கள்: ஸ்கேன் செயலியின் மாத வரம்பு

வழக்கறிஞர் அலுவலகங்களுக்குப் பழைய பத்திரக்கட்டுகளை ஸ்கேன் செய்து, தேடிப் பார்க்கும்படியான பிடிஎஃப் கோப்புகளாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். அண்மைக் காலமாக, பல அலுவலகங்கள் இந்த வேலையை ஒரு கைப்பேசிச் செயலியின் மாதச் சந்தாவை வைத்துத் தாமே செய்துகொள்கின்றன. அதில் தவறேதும் இல்லை. சிறிய கட்டுகளுக்கு அதுவே போதும். ஆனால் ‘மாதம் 500 பக்கம்’ என்று சந்தாவில் எழுதியிருப்பதை, 500 தாள்கள் என்றும், 500 பக்கங்கள் முடிந்ததும் செயலி நம்மை நிறுத்திச் சொல்லிவிடும் என்றும் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் சரியல்ல என்பதை, என்னிடம் பாதி வழியில் வந்து சேர்ந்த ஒரு கட்டைக் கொண்டு விளக்குகிறேன்.

ஒரு நில விற்பனைக்காகச் சட்டக் கருத்துரை எழுதவேண்டியிருந்தது. தாய்ப்பத்திரம் முதல் கடைசிக் கிரயப் பத்திரம் வரை 412 தாள்கள். இளம் வழக்கறிஞர் ஒருவர் அவற்றைச் செயலியில் ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி, ‘பாதை’ என்ற சொல்லைத் தேடியிருக்கிறார். நிலத்தின் நான்கெல்லை விவரத்தில் வரும் பாதைகள் மட்டும் கிடைத்தன. அண்டை நிலத்தாருக்கு நடைபாதை உரிமை இருப்பதாக எந்த வரியும் தேடலில் வரவில்லை. ஆகவே வரைவில் ‘வழிப்பாதை உரிமை ஏதும் குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டார். மூத்த வழக்கறிஞருக்குக் கடைசி இரண்டு பத்திரங்களைக் காகிதத்திலேயே வரிவரியாகப் படித்துவிடும் பழக்கம் உண்டு. பாகப்பிரிவினைப் பத்திரத்தில், மேற்குப் பக்கத்தில் எட்டு அடி அகலப் பாதையை இரு தரப்பாரும் பொதுவில் அனுபவித்து வருவதாக ஒரு வரி இருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அது பிடிஎஃப் கோப்பின் 487-ஆம் பக்கம். தெளிவான தட்டச்சு எழுத்து. கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது. தேடலில் மட்டும் வரவில்லை.

கோப்பு என்னிடம் வந்ததும் முதலில் பக்கங்களை எண்ணினேன். முத்திரைத்தாள்களின் பின்பக்கத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தின் முத்திரையும், பதிவுக் குறிப்பும், கைரேகையும் இருக்கும் என்பதால் அவற்றையும் விடாமல் எடுக்கவேண்டும். அப்படி எழுத்துள்ள பின்பக்கங்கள் 118. ஆகவே 412 தாள்கள் என்பது 530 பக்கங்கள். சந்தாவோ 500 பக்கங்களுக்கு. அதாவது தொடங்கும்போதே 30 பக்கங்கள் வரம்புக்கு வெளியே நின்றன.

அதோடு முடியவில்லை. முதல் நாள் இளம் வழக்கறிஞர் 60 பக்கங்களை, மொழித் தேர்வை மாற்றாமல், செயலியில் முன்கூட்டியே வைத்திருந்த ஆங்கிலத்திலேயே ஓடவிட்டிருக்கிறார். படத்திலுள்ள எழுத்தை வாசித்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் பகுதிக்கு எழுத்துணரி என்று பெயர். அதற்கு எந்த மொழியைச் சொல்கிறோமோ அந்த மொழியின் எழுத்துகளாகத்தான் அது எல்லாவற்றையும் வாசிக்கும். ‘பட்டா’ என்பது `ULLIT` என்பது போன்ற ஏதோ ஒன்றாகத் திரையில் நிற்கும். தவறு புரிந்ததும் மொழியைத் தமிழுக்கு மாற்றி முதலிலிருந்து ஓட்டினார். ஆனால் எழுத்துணரி ஒரு பக்கத்தை ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் கணக்கில் ஒன்று குறையும். வாசிப்பு பயன்பட்டதா இல்லையா என்பது கணக்குக்குத் தெரியாது. 500-இல் 60 போக 440. அந்த 440-ஆம் பக்கத்தோடு எழுத்துணரி நின்றுவிட்டது. மீதி 90 பக்கங்கள் வெறும் படங்களாக அதே கோப்பில் சேர்ந்துவிட்டன.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஸ்கேன் செய்வதற்கு அந்தத் திட்டத்தில் வரம்பு கிடையாது. எழுத்துணரிக்கு மட்டுமே வரம்பு. ஆகவே கோப்பு முழுமையாக உருவாகும், பக்க எண்ணிக்கை சரியாக இருக்கும், திறந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும். வரம்பு தீர்ந்த செய்தி, கணக்கு அமைப்புப் பக்கத்தில் சாம்பல் நிற எழுத்தில் ஒரு வரியாக இருந்தது; அந்தப் பக்கத்தை யாரும் தினமும் திறப்பதில்லை. தேடுபவருக்கு ‘இந்தச் சொல் இல்லை’ என்பதும் ‘இந்தப் பக்கத்தை நான் வாசிக்கவே இல்லை’ என்பதும் ஒரே விடையாகத்தான் வந்து சேர்கின்றன.

இதைச் சோதிப்பது எளிது. கோப்பின் கடைசிப் பக்கத்துக்குப் போய், ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சொல் தனியாகத் தேர்வானால் எழுத்து இருக்கிறது. பக்கம் முழுவதும் ஒரே படமாக நீலமடித்தாலோ எதுவுமே தேர்வாகாவிட்டாலோ அது வெறும் படம். முதல் பக்கத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியடைவதுதான் பலரும் செய்யும் பிழை. லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம்:

```
pdftotext -f 441 -l 530 kattu.pdf - | wc -w
```

441 முதல் 530 வரையான பக்கங்களில் உள்ள சொற்களை இது எண்ணிச் சொல்லும். அந்தக் கோப்புக்கு வந்த விடை 0. விடுபட்ட பக்கங்களை நிரப்ப மறுபடி சந்தா வாங்கத் தேவையில்லை. டெசராக்ட் என்ற எழுத்துணரி கட்டணமில்லாதது, எச்பி நிறுவனத்தில் உருவாகி 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்டது, தமிழ் மொழிக்கோப்பையும் சேர்த்து நிறுவினால் தமிழும் படிக்கும். அதைக் கொண்டு இயங்கும் ஒரு கருவிக்கு இப்படிச் சொன்னால், ஏற்கெனவே எழுத்துள்ள பக்கங்களைத் தாண்டிவிட்டு மற்றவற்றை மட்டும் வாசிக்கும்:

```
ocrmypdf -l tam+eng --skip-text kattu.pdf kattu2.pdf
```

சொந்தக் கணினியில் ஓடுவதால் இதில் மாத வரம்பே இல்லை. நேரம்தான் பிடிக்கும். 

வரம்பு எதன்மேல் விதிக்கப்படுகிறது என்பதும் சேவைக்குச் சேவை மாறும். கூகுளின் விஷன் சேவையில் மாதம் 1,000 அலகுகள் இலவசம். பிடிஎஃப் கோப்பின் ஒவ்வொரு பக்கமும் ஓர் அலகு. மைக்ரோசாஃப்டின் டாக்குமென்ட் இன்டெலிஜென்ஸ் சேவையின் இலவச அடுக்கு மாதம் 500 பக்கங்கள் தருகிறது. ஆனால் ஒரு பிடிஎஃப் கோப்பில் முதல் 2 பக்கங்களை மட்டுமே வாசிக்கும். மாதக் கணக்கில் இடமிருந்தும் மூன்றாம் பக்கம் வாசிக்கப்படாது. ஆகவே திட்டத்தைப் பார்க்கும்போது மாதத்துக்கு எத்தனை என்பதோடு, ஒரு கோப்புக்கு எத்தனை என்பதையும் கேட்கவேண்டும்.

பக்கங்களை வீணாக்காமலிருக்க நான் செய்வது ஒன்றுதான்: ஸ்கேன் செய்வதற்கு முன் கட்டைப் பிரிப்பது. கையால் எழுதிய பழைய பத்திரங்களை எழுத்துணரிக்குக் கொடுப்பதே இல்லை. அச்சையும் தட்டச்சையும் ஓரளவு ஒழுங்காக வாசிக்கும் இந்தக் கருவிகள், பத்திர எழுத்தரின் கூட்டெழுத்தைக் கண்டால் தடுமாறி எதையாவது எழுதிவைக்கும். அதற்கும் பக்கக் கணக்கு குறையும். முத்திரையும் கைரேகையும் மட்டுமே உள்ள பின்பக்கங்களும் அப்படியே. தட்டச்சுப் பத்திரங்களிலும்கூட ‘மேற்படி’ என்பதற்கு எழுதும் ௸ குறியையும், வருடத்துக்கான ௵ குறியையும் பெரும்பாலும் தவறாகவே வாசிக்கும் என்பதால், அந்தக் குறிகளை நம்பித் தேடக்கூடாது. மேற்சொன்ன கட்டில் கையெழுத்துப் பத்திரங்களையும் வெறும் முத்திரைப் பக்கங்களையும் ஒதுக்கியிருந்தால், 500 பக்கச் சந்தாவே தாங்கியிருக்கும்.

அடுத்தது ஏற்றுமதி வடிவம். செயலிக்குள் தேடினால் சொல் கிடைக்கும். அதே ஆவணத்தைப் பிடிஎஃப் ஆக வெளியே எடுத்தால் கிடைக்காமல் போகலாம். சில திட்டங்களில் கீழ் அடுக்குச் சந்தா தருவது படம் மட்டும் கொண்ட பிடிஎஃப். தேடக்கூடிய எழுத்தும் சேர்ந்த பிடிஎஃப் மேல் அடுக்கில், வேர்டு கோப்பு அதற்கும் மேலே. ஆகவே பணம் கட்டும் முன் இலவச அடுக்கிலோ சோதனைக் காலத்திலோ ஒரு பக்கத்தை வெளியே எடுத்து, வேறொரு கருவியில் திறந்து தேடிப் பாருங்கள். தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் வரவேண்டும். சில ஏற்றுமதிகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதிவைத்து ‘ெகாடுத்து’ என்று ஆக்கிவிடுகின்றன. ‘பட்டா’ என்று தேடிச் சோதித்தால் இந்தக் குறை தெரியவே தெரியாது. ‘கொடுத்து’, ‘போக்கியம்’ போன்ற சொற்களைத் தேடித்தான் சோதிக்கவேண்டும்.

கிளவுட் சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ வண்ணத்தில் எடுத்தால் ஏறத்தாழ ஒரு எம்பி ஆகும். கருப்பு வெள்ளையில் எடுத்தால் அதில் பத்தில் ஒரு பங்கே ஆகலாம். முத்திரையின் நிறம் சில வேளைகளில் சான்றாக வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பக்கங்களை மட்டும் வண்ணத்தில் எடுத்தால் போதும். கூகுளின் இலவச 15 ஜிபி, மின்னஞ்சலுக்கும் புகைப்படங்களுக்கும் சேர்த்துத்தான். இடம் நிறைந்துவிட்டால் ஸ்கேன் செய்தவை கைப்பேசியிலேயே தங்கிவிடும். கைப்பேசி தொலைந்தால் அவையும் தொலையும். செயலியே இல்லாமல் போகவும் கூடும். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று; அன்றுவரை அது இங்கே மிகப் பலர் பயன்படுத்திவந்த ஸ்கேன் செயலி. ஆவணம் ஒன்று முடிந்த அன்றே அதன் முழுப் பிடிஎஃப் கோப்பைச் சொந்த வன்தட்டில் இறக்கிவைப்பதை நான் மாத இறுதிக்கு ஒத்திப்போடுவதில்லை.

அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, மேலட்டையில் ஒரு சீட்டு ஒட்டினேன். எந்தெந்தப் பக்கங்களில் தேடலாம், எவற்றைக் கண்ணால்தான் படிக்கவேண்டும் என்று பக்க எண்களோடு அதில் எழுதியிருந்தேன். இப்போது அந்த அலுவலகத்தில் தாமே ஸ்கேன் செய்யும் கட்டுகளுக்கும் அதே சீட்டை எழுதி ஒட்டுகிறார்கள். வரைவில் ‘குறிப்பிடப்படவில்லை’ என்று எழுதுவதற்குமுன் இளம் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பார்க்கிறார்.