நண்பகலில் மாறும் தேதி: உலகம் முழுவதற்கும் ஒரே நேரம் என்ற யோசனையும் அதன் சிக்கலும்

விமான நிலையங்கள் வெளியிடும் வானிலை அறிக்கையின் தொடக்கத்தில் `121830Z` என்பது போன்ற ஒரு குறியீடு இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் தேதியைச் சொல்கின்றன. அடுத்த நான்கும் மணியையும் நிமிடத்தையும் சொல்கின்றன. கடைசியில் உள்ள எழுத்து, இது அந்த ஊரின் கடிகாரம் காட்டும் நேரம் அன்று, உலகம் முழுவதற்கும் பொதுவான யுடிசி நேரம் என்பதற்கு அடையாளம். அறிக்கை எந்தக் கண்டத்திலிருந்து வந்தாலும், அதைப் படிக்கும் விமானி எந்த நாட்டின் மேல் பறந்துகொண்டிருந்தாலும், இருவருக்கும் அந்த எண் ஒரே கணத்தையே குறிக்கும். வளிமண்டலத்தை அளக்கும் பலூன்களும் உலகெங்கும் இதே நேரப்படி, 00 மணிக்கும் 12 மணிக்குமான அளவீடுகளாகவே பறக்கவிடப்படுகின்றன.

விமானிகளுக்கும் வானிலையாளர்களுக்கும் இவ்வளவு நன்றாகப் பயன்படும் ஏற்பாட்டை எல்லோருக்கும் விரித்து, நேர மண்டலங்களையே நீக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. கனடாவின் ரயில்வே பொறியாளர் சான்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் 1879ஆம் ஆண்டிலேயே உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு நாளை முன்மொழிந்தார். அதன் 24 மணிகளையும் ஊர் மணியோடு குழப்பிக்கொள்ளாதிருக்க, எண்களுக்குப் பதிலாக எழுத்துகளால் குறிக்கலாம் என்றார். 1998இல் ஒரு கைக்கடிகார நிறுவனம் நாளை ஆயிரம் கூறுகளாகப் பிரித்து, இணையத்துக்கென ஒரு பொது நேரத்தை அறிமுகப்படுத்தியது. அண்மைக் காலத்தில் இதை விடாமல் வலியுறுத்தி வருபவர்கள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளியலாளர் ஸ்டீவ் ஹாங்கேயும் வானியலாளர் ரிச்சர்ட் கான் ஹென்றியும் ஆவர்.

இந்த யோசனையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அதை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். எல்லோரும் ஒரே கணத்தில் விழித்து ஒரே கணத்தில் உறங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அவரவர் சூரியனோடு அவரவர் வாழ்வார்கள். கடிகாரத்தில் தெரியும் எண் மட்டும் மாறும். ஓரிடத்தில் அலுவலகம் 9 மணிக்குத் திறக்கும், இன்னோரிடத்தில் 17 மணிக்குத் திறக்கும், அவ்வளவுதான் என்பது ஆதரவாளர்களின் வாதம். இதனால் வரும் நன்மையும் உண்மையானதே. கோடைக்கால நேர மாற்றத்தை 2016இல் எகிப்து அரசு, அது தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தபோது கைவிட்டது. அப்போது அந்நாட்டுக்கான கைப்பேசிகளிலும் கணினிகளிலும் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்த நேர விதிகள் ஒரே நாளில் பிழையாகிவிட்டன. பொது நேரம் மட்டுமே இருந்தால் இவ்வகைப் பிழைக்கு இடமில்லை. ஒரு கூட்டத்தை 14 மணிக்கு என்று குறித்தால், எந்த ஊர் 14 மணி என்று யாரும் கேட்கத் தேவையில்லை.

ஆனால் அந்தக் கேள்வி மறையும் இடத்தில் வேறொரு கேள்வி முளைக்கிறது: அங்கே 14 மணிக்கு ஆட்கள் விழித்திருப்பார்களா? இன்று நாம் ஓர் ஊரின் நேரம் அதிகாலை 3 மணி என்று அறிந்தவுடன், அங்கு இருட்டாக இருக்கும், கடைகள் மூடியிருக்கும், அழைத்தால் தூக்கம் கலையும் என்பதெல்லாம் கூடவே தெரிந்துவிடுகிறது. நேர மண்டலம் என்பது சூரியன் எங்கே நிற்கிறது என்ற தகவலைக் கடிகாரத்துக்குள்ளேயே பொதிந்து வைக்கும் ஏற்பாடு. அதை நீக்கினாலும் அந்தத் தகவல் தேவைப்படாமல் போகாது; வேறோர் அட்டவணையில் தேட வேண்டியிருக்கும். பொது நேரத்தை மிக அதிகமாகப் பயன்படுத்தும் விமானத் துறையே இதற்குச் சான்று. பயணத் திட்டம் முழுவதையும் யுடிசியில் எழுதும் அத்துறை, விமானி எத்தனை மணி நேரம் பணியாற்றலாம் என்று கணக்கிடும்போது மட்டும் அவருடைய உடல் பழகியிருக்கும் ஊரின் நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. உடல் மிகவும் தளரும் வேளை என்று ஐரோப்பிய விதிகள் வரையறுக்கும் 02:00 முதல் 05:59 வரையிலான நேரம், விமானியின் உடல் பழகிய மண்டலத்தின் நேரமே.

இதைப் பெரிய அளவில் காட்டும் நாடு சீனா. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ ஐந்து மண்டலங்களுக்கு விரியும் அந்நாட்டில், 1949க்குப் பின் பெய்ஜிங் நேரம் ஒன்றே சட்டப்படியான நேரம். மேற்குக் கோடியில் உள்ள கஷ்கர் நகரில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஏறக்குறைய 3 மணி காட்டும். டிசம்பரில் காலை 10 மணி தாண்டித்தான் விடியும். இங்கே மக்கள் கடிகாரத்துக்குப் பணிந்து இருட்டில் எழுந்துவிடவில்லை. அலுவலகங்களின் வேலை நேரம் சுமார் இரண்டு மணி நேரம் தள்ளிவைக்கப்பட்டது. அதோடு, அப்பகுதியில் வாழும் உய்குர் இன மக்களில் பலர் பெய்ஜிங்குக்கு இரண்டு மணி நேரம் பின்தங்கிய ஒரு வட்டார நேரத்தைத் தங்களுக்குள் புழங்கி வருகிறார்கள். அதனால் ஒருவரைச் சந்திக்க 5 மணி என்று பேசிக்கொண்டால், எந்த 5 மணி என்று கேட்டுத் தெளிந்தாக வேண்டும். ஒரே நேரத்தைச் சட்டமாக்கிய இடத்திலேயே இரண்டு நேரங்கள் உருவாகிவிட்டன.

இவையெல்லாம் தொல்லைகளே, பழகிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அதை முழுவதும் மறுக்க இயலாது. என் பார்வையில் உண்மையான தடை மணியில் இல்லை, தேதியில் இருக்கிறது.

இன்று தேதி நள்ளிரவில் மாறுகிறது. பெரும்பாலோர் உறங்கும் வேளை என்பதால் அந்த மாற்றம் யாருடைய வேலையையும் பெரிதாக வெட்டுவதில்லை. உலகப் பொது நேரத்தில் தேதி கிரீன்விச்சின் நள்ளிரவில்தான் மாறும். கிரீன்விச்சுக்கு 12 மணி நேரம் முன்னே இருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை எடுத்துக்கொள்வோம். கோடைக்கால மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டாம். அங்கே தேதி மாறுவது நட்ட நடுப்பகலில். காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளை திங்கட்கிழமை 21 மணிக்கு வகுப்பில் நுழைந்து, செவ்வாய்க்கிழமை 3 மணிக்கு வெளியே வரும். நடுவே உணவு இடைவேளையில் கிழமை மாறியிருக்கும். ஞாயிறு விடுமுறை என்று பலகை வைத்திருக்கும் கடைக்காரர், இன்று அவர் விடுமுறை விடும் அதே வேளைகளைக் குறிக்க விரும்பினால், சனிக்கிழமை 12 மணி முதல் ஞாயிற்றுக்கிழமை 12 மணி வரை விடுமுறை என்று எழுத வேண்டும். 15ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்தக் கெடு ஆக்லாந்தில் இன்று 16ஆம் தேதி என்று சொல்லப்படும் நாளின் நண்பகலில் முடியும்; லாஸ் ஏஞ்சலிஸின் குளிர்கால நேரப்படி, இன்றைய 15ஆம் தேதி மாலை 4 மணிக்கே முடிந்துவிடும்.

கிழமையை மட்டும் உள்ளூர் விடியலோடு கட்டிவிட்டு, தேதியை உலகத்தோடு விட்டுவிடலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் ஆக்லாந்தின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் இரண்டு தேதிகள் இருக்கும்; நாட்காட்டியில் ஒரு கட்டத்துக்கு ஓர் எண் என்ற அமைப்பே உடைந்துபோகும். நாள் கூலி, தினசரி வட்டி, பிறந்த நாள், வாக்குப்பதிவு நாள் என நாள் என்ற அலகின் மேல் நிற்கும் சட்டங்கள் ஏராளம். அவை எல்லாமே நாளின் விளிம்பில் பெரிதாக ஒன்றும் நடக்காது என்று சொல்லாமலே நம்பியிருக்கின்றன.

வேலைக்கு நடுவே மாறும் தேதி எப்படியிருக்கும் என்பது வெறும் கற்பனை அன்று. வானியலாளர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் நெடுங்காலம் தங்கள் நாளை நண்பகலில் தொடங்கினார்கள். இரவெல்லாம் தொலைநோக்கியின் முன் இருப்பவருக்கு நள்ளிரவில் தேதி மாறினால், ஒரே இரவின் பதிவுகள் இரண்டு தேதிகளில் சிதறும். நண்பகலில் மாறினால் ஓர் இரவு முழுவதும் ஒரே தேதியில் அடங்கும். மற்றவர்கள் தாம் உறங்கும் வேளையில் நாளின் விளிம்பை வைத்துக்கொண்டதைப் போலவே, இவர்களும் தமக்கு வேலை இல்லாத வேளையில் அதை வைத்துக்கொண்டார்கள்.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடிய தீர்க்கரேகை மாநாடு, கிரீன்விச்சை முதல் தீர்க்கரேகையாக ஏற்றதோடு, அங்கே நள்ளிரவில் தொடங்கும் ஓர் உலக நாளையும் ஏற்றது. ஃபிளெமிங்கும் அங்கே ஒரு பிரதிநிதியாக இருந்தார். ஆனால் அந்தத் தீர்மானம் கவனமாக எழுதப்பட்டது. வசதியாக இருக்கும் காரியங்களுக்கு உலக நாளைப் பயன்படுத்தலாம், விரும்பும் இடங்களில் உள்ளூர் நேரத்தின் பயன்பாட்டுக்கு அது குறுக்கே நிற்கக் கூடாது என்று அது வரம்பு கட்டியது. வானியலாளர்களும் கடலோடிகளும் தங்கள் நாளை நள்ளிரவுக்கு மாற்றிக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையையும் மாநாடு தெரிவித்தது.

அந்த நம்பிக்கை நிறைவேற 40 ஆண்டுகள் ஆயின. வானியல் பஞ்சாங்கங்கள் 1925 ஜனவரி 1 முதல் நள்ளிரவுக்கு மாறின. அதற்காக வானியலாளர்களின் 1924 டிசம்பர் 31 பாதி நாளோடு முடித்துக்கொள்ளப்பட்டது. அதன்பின் வந்த குழப்பம் பெயரில். கிரீன்விச் சராசரி நேரம் என்ற சொல் அதுவரை வானியலில் நண்பகலில் தொடங்கும் நேரத்தைக் குறித்தது. பிரிட்டிஷ் பஞ்சாங்கம் அதே பெயரை நள்ளிரவில் தொடங்கும் புதிய நேரத்துக்கும் வைத்துக்கொண்டது. அமெரிக்கப் பஞ்சாங்கமோ புதியதற்கு வேறு பெயர் சூட்டியது. பழைய பதிவொன்றில் அந்தச் சொல்லைப் பார்ப்பவர், அது எந்த ஆண்டுக்குரியது, யார் எழுதியது என்று அறியாவிட்டால் 12 மணி நேரம் பிழைபட நேரிடும். இதிலிருந்து விடுபடவே சர்வதேச வானியல் ஒன்றியம் 1928இல் உலக நேரம் என்ற புதிய பெயரை முன்வைத்தது. இன்றைய யுடிசியின் பெயரில் உள்ள உலக நேரம் என்ற பகுதி இவ்வாறு வந்ததே. கணக்கிடப் பயின்ற ஒரு சிறு குழுவுக்கே நாளின் விளிம்பை நகர்த்துவது இத்தனை ஆண்டு வேலையாக இருந்திருக்கிறது.

அந்த மாற்றத்துக்குப் பிறகும் வானியலாளர்கள் நண்பகலை முழுவதும் விட்டுவிடவில்லை. மாதமும் கிழமையும் இல்லாமல் நாட்களை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிச் செல்லும் ஜூலியன் நாள் எண் இன்றும் நண்பகலில்தான் ஒன்று அதிகரிக்கிறது. 2000 ஜனவரி 1 நண்பகலுக்கு அதன் மதிப்பு 2451545.0. ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைப் பல கண்டங்களிலிருந்து தொடர்ந்து கவனிப்பவர்கள், தங்கள் அளவீடுகளை அந்த எண்ணிலேயே ஒன்றுசேர்க்கிறார்கள். அன்றிரவு யார் பணிக்கு வர வேண்டும் என்ற பட்டியலை உள்ளூர்த் தேதியில் எழுதுகிறார்கள்.