நிலையலையா, நிலையான அலையா?

அண்மையில் திருத்திய விடைத்தாள் ஒன்றில் இப்படி ஒரு வரி இருந்தது: "இரு முனையும் கட்டப்பட்ட கம்பியில் உருவாவது நிலையான அலை, ஆகவே கம்பியின் துகள்கள் அசைவதில்லை." அந்த மாணவர் சமன்பாட்டைப் பிழையின்றித் தீர்த்திருந்தார். எல்லை நிபந்தனைகளையும் சரியாகவே இட்டிருந்தார். அவரை வழுக்கி விழவைத்தது கணக்கு அன்று, நாம் அவர் கையில் கொடுத்த சொல்தான். "நிலையான அலை" என்ற இந்தப் பெயர்ப்பை இனியும் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செருமானிய இயற்பியலாளர் பிரான்சு மெல்டே, 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இசைக்கவையின் முனையில் நூலைக் கட்டி அதிரவைத்து இவ்வகை அலைகளைக் கண்ணுக்குக் காட்டினார். செருமானிய மொழியில் இதற்கு வழங்கிய பெயரின் பொருள் "நிற்கும் அலை" என்பதே. பிற ஐரோப்பிய மொழிகளும் நிற்றலையே பெயராக்கின. நிற்பது எது என்பதை மட்டும் பெயர் சொல்லவில்லை. அதைச் சமன்பாடுதான் சொல்கிறது.

1747-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தலாம்பேர் எழுதிய கம்பியின் அலைச் சமன்பாடு இது. இதில் u என்பது x என்னும் இடத்தில், t என்னும் நேரத்தில் கம்பியின் இடப்பெயர்ச்சி. c என்பது கம்பியில் அலை ஓடும் வேகம், L என்பது கம்பியின் நீளம்.

```
u_tt = c² u_xx
u(0,t) = 0,  u(L,t) = 0
```

மாறிகளைப் பிரித்தல் என்னும் முறையில், u என்பதை இடத்தை மட்டும் சார்ந்த X(x), நேரத்தை மட்டும் சார்ந்த T(t) ஆகிய இரண்டின் பெருக்கலாகக் கொள்கிறோம். சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டில் இதே பெயரால் வழங்கும் முறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே மாறிகளை இரு பக்கமாக ஒதுக்கித் தொகையிடுகிறோம். இங்கே பிரிவது சார்பு. பெருக்கலைச் சமன்பாட்டில் இட்டு இருபுறமும் c²XT ஆல் வகுத்தால் இவ்வாறு வரும்:

```
T''/(c² T) = X''/X = −k²
```

இடப்பக்கத்தில் x இல்லை, வலப்பக்கத்தில் t இல்லை. நேரத்தை மட்டும் ஓடவிட்டால் வலப்பக்கம் மாறாது. எனவே இடப்பக்கமும் மாற முடியாது. ஆகவே இரண்டும் ஒரே மாறிலி. அது ஏன் எதிர்க்குறி பெற்றது என்பதையும் எல்லையே தீர்மானிக்கிறது. மாறிலி சுழியம் என்றால் X நேர்கோடு. நேர்க்குறி என்றால் அடுக்குக்குறிச் சார்புகளின் கூட்டல். இவ்விரண்டையும் இரு முனைகளிலும் சுழியமாக்க முயன்றால் X முழுவதுமே சுழியமாகிவிடும், கம்பி அதிரவே அதிராது. எதிர்க்குறி மட்டுமே X = A cos kx + B sin kx என்ற அலைவடிவைத் தருகிறது. x = 0 இல் X சுழியம் என்பதால் A போய்விடும். x = L இல் X சுழியம் என்பதால் sin kL = 0, அதாவது k = nπ/L, இங்கே n என்பது 1, 2, 3 என்று செல்லும் முழு எண். அதிர்வெண்கள் f = nc/2L.

பெட்டிமேல் கம்பியை இழுத்துக் கட்டிய ஒரு சுரமானியை எடுத்துக்கொள்வோம். கத்திமுனைகளுக்கு இடையே கம்பி 50 சென்டிமீட்டர், மீட்டருக்கு 1 கிராம் நிறை, இழுவிசை 40 நியூட்டன் என்றால் c வினாடிக்கு 200 மீட்டர். முதல் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ், அடுத்தது 400. கம்பி முதல் வகையில் அதிரும்போது அதன் நடுப்புள்ளி இருபுறமும் 1 மில்லிமீட்டர் விலகுவதாகக் கொண்டால், அந்தப் புள்ளியின் உச்ச வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1.26 மீட்டர். கம்பி முழுவதும் ஒரே நேர்கோடாகும் கணம் ஒவ்வொரு வினாடியிலும் 400 முறை வருகிறது. இதைத்தான் நாம் "நிலையான" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்!

இங்கே நிற்பது X என்னும் வடிவம். அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. T அதைப் பெருக்கியும் சுருக்கியும் கவிழ்த்தும் ஆட்டுகிறது. X எங்கே சுழியமோ அங்கே T எதுவானாலும் பெருக்கல் சுழியமே. அந்த இடம்தான் கணு. 400 ஹெர்ட்ஸ் இசைக்கவையை அதிரவைத்து அதன் காம்பைச் சுரமானிப் பெட்டிமேல் ஊன்றி, கம்பியின் மேல் மடித்த காகிதத் துண்டுகளை அமர்த்திப் பார்த்தால், 25 சென்டிமீட்டரில் வைத்தது அமைதியாக உட்கார்ந்திருக்கும், 12.5 சென்டிமீட்டரில் வைத்தது துள்ளி விழும். கணு என்பது எவ்வளவு நல்ல சொல் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கரும்பைப் பார்த்தவர் எவருக்கும் அது விளக்கமின்றிப் புரியும்.

"நிலையான" என்பதில் எனக்குள்ள குறை இலக்கணம் சார்ந்தது. "ஆன" என்ற ஈறு, நிலைத்திருத்தலை அலையின் பண்பாகவே ஆக்கிவிடுகிறது. நிலையான வேலை, நிலையான வருமானம் என்று நாள்தோறும் பேசுகிறவர் காதில், மாறாதது, நீங்காதது என்றே அது விழும். இந்த அலையோ உராய்வால் சில வினாடிகளில் அடங்கிவிடும். இருக்கும்வரை கணந்தோறும் மாறிக்கொண்டும் இருக்கும். ஆக, சொல் தரும் பொருள் இரண்டுமே பொய்.

"நின்ற அலை" என்று எழுதுவோரும் உள்ளனர். இது முன்னதைவிட மேல் என்றாலும் எனக்கு நிறைவில்லை. பெருமாளின் நின்ற கோலம் இல்லையா, அங்கே இறந்தகாலமா தோன்றுகிறது என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கோலம் என்பது ஓடக்கூடிய பொருள் அன்று. ஆகவே அங்கே "நின்ற" என்பது நிற்கும் பாங்கையே உணர்த்துகிறது. இயல்பிலேயே இயங்கும் பொருளோடு சேரும்போது அதே சொல் ஓய்ந்ததைக் குறிக்கிறது. நின்ற மழை, நின்ற கடிகாரம் என்பவற்றைப் போல, நின்ற அலையும் ஓய்ந்துபோன அலையாகிவிடும். வினைத்தொகை ஆக்கலாம் என்றால் "நில்லலை" என்று வந்து, எதிர்மறை போல ஒலித்துத் தொலைக்கிறது.

"நிலையலை" இந்தக் குறைகள் எதற்கும் இடம் தரவில்லை. தேர் நிலைக்கு வந்தது என்கிறோமே, அந்த நிலைதான் இது. ஒன்று நிற்கும் இடம். நிலையின்கண் நிற்கும் அலை என்று விரித்தால், ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. அலை அலையாகவே இருக்கிறது, இடம்விட்டு ஓடவில்லை, அவ்வளவே. நிலைமின்னியலில் "நிலை" அசையாமையைத்தானே குறிக்கிறது என்று மறுக்கலாம். உண்மைதான், ஆயினும் தொகைச்சொல் பொருளை முடிந்த முடிவாகச் சொல்லிவிடாமல் விரித்துரைக்க இடம் வைக்கிறது, ஆசிரியர் அங்கே சமன்பாட்டைக் கொண்டுவந்து விளக்கலாம். "நிலையான" அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. மொழிபெயர்ப்போர் அகராதியில் பெயரடைக்குப் பெயரடை தேடுவதோடு நின்றுவிடாமல், X-ஐயும் T-ஐயும் ஒருமுறையேனும் தாளில் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தச் சொல் நூல்களில் ஏறியிருக்காது.

நிலையலை என்று எழுதுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. கம்பியை விரலால் சுண்டினால் எழுவது ஒரு நிலையலை அன்று, பல நிலையலைகளின் கூட்டல். 200 ஹெர்ட்ஸ் வகையையும் 400 ஹெர்ட்ஸ் வகையையும் கூட்டினால் வருவதை ஒற்றை X, ஒற்றை T என்று பிரிக்க முடியாது. அதன் வடிவம் இடத்தில் நிற்பதும் இல்லை. 25 சென்டிமீட்டரில் அமைதியாக உட்கார்ந்திருந்த அந்தக் காகிதத் துண்டு, கம்பியை ஒரு முனையருகே சுண்டினால் விழுந்துவிடும். அங்கே நிலையலை என்ற பெயர் கூட்டலின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரியது, மொத்த அசைவுக்கு அன்று.