மணி பிளான்ட்டின் மஞ்சள் இலை: படத்தில் எதைப் பார்ப்பது?

மணி பிளான்ட்டின் இலை ஏன் மஞ்சளானது என்று கேட்டு ஒருவர் படம் அனுப்பினால், முதலில் அது எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று பாருங்கள். மஞ்சள் குண்டு பல்பின் கீழே எடுத்த படத்தில் நல்ல இலைகூட மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டும். தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் இலையின் நிறத்தை நம்பலாம். இலை முழுக்க ஒரே மஞ்சளா, புள்ளி புள்ளியா என்பதை அடுத்துப் பாருங்கள். மணி பிளான்ட்டில் பொன்னிறத் தீற்றல்கள் இயல்பானவை, அவற்றை நோயாக எண்ண வேண்டாம்.

ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய வெளிர் புள்ளிகள் பரவியிருந்தால் சிலந்திப்பேனைச் சந்தேகிக்கலாம். இலையின் செல்களை ஒவ்வொன்றாகக் குத்திச் சாறு உறிஞ்சுவதால் அந்தப் புள்ளிகள் விழுகின்றன. பேன் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. இலையின் அடிப்பக்கத்தைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். கணுக்களில் பஞ்சுபோல் வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி.

புள்ளியே இல்லாமல் இலை முழுதும் மஞ்சளானால்தான் குழப்பம். தண்ணீர் தேங்கிய மண்ணில் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அது இல்லாமல் வேரால் தழைச்சத்தைச் சரியாக உறிஞ்ச முடியாது. செடி பழைய இலைகளில் இருக்கும் சத்தை எடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். வெளிச்சம் போதாதபோதும் செடி கைவிடுவது கீழ் இலைகளைத்தான். ஆகவே கீழ் இலை மஞ்சளானது என்பதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பார்க்க வேண்டியது தண்டை. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, புது இலைகள் சிறுத்து, கொடி ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தால் வெளிச்சக் குறைவு. தண்டு நெருக்கமாகவே இருந்து, சில நாட்களுக்குள் மூன்று நான்கு இலைகள் சேர்ந்து மஞ்சளாகித் துவண்டு, ஓரங்களில் பழுப்புத் திட்டு விழுந்தால் தண்ணீர் மிகுதி.

ஒரு படத்தில் இரண்டும் கலந்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: அடியில் மூன்று இலைகள் மஞ்சள், மண் கருமையாக ஈரம், தொட்டியைச் சுற்றி அடித்துளை இல்லாத அலங்காரத் தொட்டி, தண்டோ நீண்டு மெலிந்திருக்கிறது. இங்கே தொடக்கம் வெளிச்சக் குறைவு என்றே நான் சொல்வேன். வெளிச்சம் குறைந்தால் செடி குறைவாகத்தான் நீர் குடிக்கும். முன்பு ஊற்றிய அதே அளவு இப்போது மண்ணில் தேங்கிவிடுகிறது. தண்ணீரை மட்டும் குறைத்தால் இலை உதிர்வது மட்டுப்படும், கொடி மெலிவது நிற்காது. ஜன்னலுக்கு அருகே நகர்த்துவதும் வேண்டும்.

படம் மண்ணின் மேற்பரப்பை மட்டுமே காட்டும். மேலே காய்ந்தும் அடியில் சகதியாக இருக்கலாம். விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரமாகவே இருந்தால், செடியைத் தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். வெளிர் நிறத்தில் விறைப்பாக இருந்தால் வேர் நலம், மண் காயும்வரை தண்ணீரை நிறுத்தினால் போதும். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு நார் மட்டும் மிஞ்சினால் அழுகல். அந்த வேர்களை வெட்டிவிட்டு, நீர் வடியும் புது மண்ணில் நட வேண்டும். மஞ்சளான இலைகள் மறுபடி பச்சையாகா. அடுத்து வரும் தளிரைப் பார்த்துத்தான் செடி தேறியதா என்று சொல்ல முடியும்.