24 கட்டத்துக்குள் ஒரு தோடர் குடில்

கோத்தகிரிப் பக்கம் தங்கும் விடுதி நடத்தும் ஒரு குடும்பத்தினர், தங்கள் விருந்தினர்களுக்காகக் கைபேசி வரைபடம் ஒன்று செய்துதரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். ஐகான்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். மொத்தம் 22. இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததை ஆளுக்கொன்றாகச் சேர்த்தது. பேருந்துக்கு மெல்லிய கோடு, கோயிலுக்குத் தடித்த கோடு, காட்டெருமை முழுக்கக் கறுப்பு நிரப்பியது, அருவி ஏறக்குறைய கார்ட்டூன். ஒரே பந்தியில் ஒருவருக்கு வாழை இலையும் ஒருவருக்கு எவர்சில்வர் தட்டும் ஒருவருக்குக் காகிதப் பொட்டலமும் வைத்ததுபோல இருந்தது.

அழகு கெட்டது மட்டும் என்றால் விட்டுவிடலாம். பழைய வரைபடத்தைப் பார்த்த விருந்தினர் பலர், “இங்கே காட்டெருமை தாக்குமா?” என்று கேட்டார்களாம். தேயிலைத் தோட்ட ஓரத்தில் காட்டெருமை மேய்வதைத் தூரத்தில் நின்று பார்க்கலாம் என்பதுதான் அந்த ஐகானின் பொருள். சுற்றிலும் மெல்லிய கோடுகளாக இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் கறுப்பாக நின்றால் கண் அதை எச்சரிக்கையாகத்தான் படிக்கும். அங்கே யாரும் எதையும் எச்சரிக்கவில்லை. கோட்டின் தடிமன் தானாகவே ஒரு செய்தியைச் சொல்லிவிட்டது.

எல்லாவற்றையும் புதிதாக வரைவது என்று முடிவு செய்தோம். வரையும் முன் மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டினேன். கட்டம் 24-க்கு 24 பிக்சல். கோடு 2 பிக்சல். மூலை வளைவின் ஆரம் 2 பிக்சல். கூகுளின் மெட்டீரியல் டிசைன் வழிகாட்டி உட்பட பல தொகுப்புகளில் புழங்கும் எண்கள்தாம் இவை. நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. நாலு பக்கமும் 2 பிக்சல் ஓரம் விட்டால் வரைவதற்கு 20-க்கு 20 இடம் மிஞ்சும்.

அந்த 20-ஐ எல்லா வடிவமும் ஒரே மாதிரி நிரப்பக் கூடாது. 20 அகலச் சதுரத்தையும் 20 விட்டமுள்ள வட்டத்தையும் பக்கத்தில் வைத்தால் சதுரம்தான் பெரிதாகத் தெரியும். அதனால் வட்டத்துக்கு 20, சதுரத்துக்கு 18, செவ்வகத்துக்கு 20-க்கு 16 என்று வைப்பது வழக்கம். பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்: வட்டம் சுமார் 314, சதுரம் 324, செவ்வகம் 320. அளவு வேறு, எடை ஏறக்குறைய ஒன்று. அளவுகோல் வைத்து எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு இழுக்கும் ஆர்வம் புதியவர்களுக்கு வரும், எனக்கும் வந்தது.

தேயிலைக் கொழுந்துக்கு வந்தபோதுதான் எண்களின் வேலை புரிந்தது. கொழுந்து என்றால் இரண்டு இலை, ஒரு மொட்டு. விடுதியின் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வரைந்ததைப் பார்த்து, “இலையில் நடு நரம்பு இல்லாவிட்டால் தேயிலை என்று எப்படித் தெரியும், தம்பி?” என்றார். நியாயமான கேள்விதான். பதில் கூட்டல் கணக்கில் இருந்தது.

கோடு 2 பிக்சல் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே வெளியும் 2 பிக்சலாவது வேண்டும். குறைந்தால் சின்னத் திரையில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஐந்து கோடும் நான்கு இடைவெளியும் சேர்ந்தால் 18. ஆறாவது கோட்டுக்கு 22 தேவை, நம்மிடம் இருப்பதோ 20. ஆக, இந்தக் கட்டத்தில் குறுக்கே எங்கு வெட்டினாலும் ஐந்து கோடுகளுக்கு மேல் நிற்காது. ஓர் இலையின் வெளிக்கோடு இரண்டு கோடு. இரண்டு இலைக்கு நான்கு, மொட்டுக்கும் வெளிக்கோடு போட்டால் ஆறு. நரம்பு வரைவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிட்டது. நரம்போடு வரைந்தால் ஓர் இலைக்கே 10 பிக்சல் போய்விடும். இரண்டு இலையே இடம் முழுவதையும் அடைத்துக்கொள்ள, மொட்டு வெளியில்தான் நிற்க வேண்டும்.

மொட்டை ஒற்றைக் கோடாக ஆக்கினேன். நுனி உருண்ட, நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. இப்போது இலை 6, வெளி 2, மொட்டு 2, வெளி 2, இலை 6. மொத்தம் 18. நரம்புள்ள படத்தையும் இதையும் கைபேசியில் உண்மையான அளவில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நரம்புள்ளது மை கொட்டியதுபோல இருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பது, சொல்லப்போனால், நல்ல சோதனை. எல்லா ஐகான்களையும் ஒரே வரிசையில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், கறுப்பாகத் துருத்துவதும் மங்கி மறைவதும் உடனே தெரியும். காட்டெருமை மீண்டும் துருத்தியது. கொம்பின் அடியில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் கூடியிருந்தன. ஒன்றை நீக்கியதும் அடங்கியது.

மூலை வளைவு இதைவிட வம்பு பிடித்தது. ‘ஆரம் 2’ என்று எழுதினால் போதாது, எந்த விளிம்புக்கு என்றும் எழுத வேண்டும். வரையும் மென்பொருளில் முதலில் தடிமனே இல்லாத ஒரு பாதை இருக்கும், கோடு அதன்மேல் ஏறும். பாதையை நடுவில் வைத்துக் கோடு ஓடினால், பாதையின் ஆரம் 2 என்பது வெளி விளிம்பில் 3, உள் விளிம்பில் 1. அதே எண்ணை வைத்துக்கொண்டு ஃபிக்மா என்ற வரைமென்பொருளில் கோட்டைப் பாதையின் உட்பக்கம் ஓடவிட்டால் வெளியே 2, உள்ளே கூர்முனை. என்னோடு வேலை செய்த இளைஞர் பாதி ஐகான்களை அப்படி வரைந்திருந்தார். இருவர் கோப்பிலும் எண் 2 என்றே இருந்தது. ஆனால் அவர் வரைந்த பேருந்து முறைப்பாகவும் என்னுடையது சாதுவாகவும் தெரிந்தன. காரணம் பிடிபட அரை நாள் ஆனது. ஐகான்களைச் சேமிக்கும் எஸ்.வி.ஜி. கோப்பில் கோடு எப்போதும் பாதையை நடுவில் வைத்துத்தான் ஓடும் என்பதால், வரையும்போதே நடுவில் வைப்பதுதான் பிரச்சினையில்லாத வழி. அதில் இன்னொரு வசதியும் உண்டு. 2 பிக்சல் கோட்டின் மையம் முழு எண்ணில் அமர்ந்தால் இரண்டு விளிம்பும் முழு எண்ணில் விழும். மையம் 3 என்றால் கோடு 2 முதல் 4 வரை. மையம் 3.5 ஆகிவிட்டால் விளிம்புகள் பாதிப் பிக்சலில் விழுந்து, சாதாரணத் திரையில் சாம்பல் நிறமாய்க் கலங்கும்.

தோடர் குடிலில் விதியே கேள்விக்குள்ளானது. பீப்பாயை நெடுக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்தது போன்ற கூரை, முன்பக்கச் சுவரில் குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல். மேல் வளைவு மூலை அல்ல, அது குடிலின் உருவம். அதற்கு 9 பிக்சல் ஆரம் கொடுத்தேன். கீழே இரண்டு மூலைகள் இருக்கின்றன. விதிப்படி 2 கொடுத்தேன். குடில் பேக்கரி ரொட்டியாகிவிட்டது! தரையில் நிற்கிற எதற்கும் அடி மூலை உருண்டால் அது தரையில் நிற்பதில்லை, வைத்த பொருளாகிவிடுகிறது. வாசலுக்கும் 2 கொடுத்தால், 4 அகலமே உள்ள வாசலில் இரண்டு வளைவும் சேர்ந்து அரைவட்டமாகி எலி வளை போலத் தெரிந்தது.

இந்த ஒரு ஐகானுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கலாம். அப்படிக் கொடுக்கும் விலக்குகளே மூன்று மாதத்தில் தொகுப்பைக் குலைத்துவிடும். அதனால் தாளில் இரண்டு வரி சேர்த்தேன். தரையைத் தொடும் மூலைக்கு ஆரம் இல்லை, கோட்டின் உருண்ட இணைப்பு மட்டும். 8 பிக்சலுக்குக் குறைந்த வடிவத்துக்கு ஆரம் 1. லூசைட் என்ற இலவசத் தொகுப்பும் சின்ன வடிவங்களுக்கு இந்த இரண்டாவது விதியையே வைத்திருக்கிறது. பிறகு தேவாலயம், விடுதி, பேருந்து நிழற்குடை மூன்றையும் திரும்ப எடுத்து அவற்றின் அடி மூலைகளையும் மாற்றினேன். குடில் கடைசியில் இப்படி நின்றது:

```
<svg xmlns="http://www.w3.org/2000/svg" width="24" height="24" viewBox="0 0 24 24"
     fill="none" stroke="currentColor" stroke-width="2"
     stroke-linecap="round" stroke-linejoin="round">
  <path d="M3 20v-7a9 9 0 0 1 18 0v7z"/>
  <path d="M10 20v-3a1 1 0 0 1 1-1h2a1 1 0 0 1 1 1v3"/>
</svg>
```

இடது சுவர் 3-இல், வலது சுவர் 21-இல். கோட்டின் பாதித் தடிமனைச் சேர்த்தால் 2 முதல் 22 வரை, ஓரத்தை மீறவில்லை. எண்களைப் படித்தே ஓர் ஐகான் தொகுப்புக்குள் சேருமா என்று சொல்லிவிடலாம் என்பதற்காகவே இதை இங்கே போட்டேன். 3.27, 20.81 என்று தசமங்கள் வரிசையாக வந்தால், யாரோ எங்கிருந்தோ இழுத்துப் பொருத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த இழுத்துப் பொருத்துதலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐகானை 24-இலிருந்து 32-க்குப் பெரிதாக்க ஃபிக்மாவில் இரண்டு வழிகள் உண்டு. மூலையைப் பிடித்துச் சாதாரணமாக இழுத்தால் கோடு 2 ஆகவே இருக்கும், படம் மெலிந்து தெரியும். `K` விசையை அழுத்தி இழுத்தால் கோடும் சேர்ந்து வளர்ந்து 2.67 ஆகும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு மென்பொருளில் இதை `Scale Strokes & Effects`, `Scale Corners` என்ற இரண்டு தேர்வுகள் முடிவு செய்கின்றன. இருவர் கணினியில் இவை வேறு வேறாக இருந்தால் ஒரே கோப்பு இரண்டு விதமாக வளரும். 16 பிக்சலுக்குச் சுருக்கினால் கோடு 1.33 ஆகிவிடும், அதற்கு மருந்தே கிடையாது. அந்த அளவு வேண்டுமென்றால் 16 கட்டத்தில் தனியாக, விவரத்தைக் குறைத்து வரைய வேண்டும். நான் குடிலின் வாசலை வெறும் ஒரு கோடாக்கினேன்.

வரைபடத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். விடுதிக்குப் போகும் வழியில் நான்கு பலகைகள் வேண்டும் என்றார்கள். அதே ஐகான்கள், ஒவ்வொன்றும் 24 சென்டிமீட்டர், கோடு 2 சென்டிமீட்டர். கணக்கு அழகாகப் பொருந்துகிறதே என்ற மகிழ்ச்சியில் கோப்பை அப்படியே ஸ்டிக்கர் வெட்டும் கடைக்கு அனுப்பினேன். மறுநாள் கடைக்காரர் அழைத்தார்: “அண்ணா, குடில் வரவில்லை. ஒரு கீறல்தான் வந்திருக்கிறது.”

வெட்டும் இயந்திரத்தின் கத்திக்குத் தடிமன் தெரியாது. அது பாதையின் மேல் மட்டும் ஓடும். நான் அனுப்பியது பாதை. 2 சென்டிமீட்டர் என்பது அதற்கு நான் போட்ட உடுப்பு. கத்தி நடுக்கோட்டில் ஒரு கீறல் போட்டுவிட்டு நின்றிருக்கிறது. `Outline Stroke` கொடுத்துக் கோட்டை வடிவமாக்கி மறுபடி அனுப்பினேன். இம்முறை வாசல் சுவரோடு சேரும் இடத்தில் கத்தி குறுக்கே வெட்டி, துண்டு துண்டாக உரிந்து வந்தது. வடிவமாக்கிய பிறகு ஒன்றின்மேல் ஒன்று ஏறியவற்றை `Unite` கொடுத்து ஒரே உருவாக்கவும் வேண்டும். அதைச் செய்தபின் சரியாக வந்தது. இரண்டு தாள் ஸ்டிக்கரின் காசு என் கணக்கில்.

இப்போது தொகுப்பு இரண்டு கோப்புறைகளில் இருக்கிறது. ஒன்றில் கோடுகளாகவே உள்ள மூலம், திருத்தம் எல்லாம் அதில்தான். மற்றதில் கடைக்குப் போகும் வடிவமாக்கிய நகல். வடிவமாக்கியதில் தடிமனை மாற்ற முடியாது, ஆகவே அதை யாரும் தொடக் கூடாது என்று கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிட்டேன். போன வாரம் 23-ஆவது ஐகானாகத் தேன் விற்கும் இடத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். தேனீயின் உடலில் மூன்று பட்டை வேண்டும் என்றார் பெரியவர். வெளிக்கோடு இரண்டு, பட்டை மூன்று, மொத்தம் ஐந்து. தாராளமாக வரையலாம் என்றேன்.