ராத்திரியிலும் மினுக்கிக்கொண்டிருந்த 14-ஆம் போர்ட்

இன்டர்நெட் அடிக்கடி திணறுகிறது என்று ஒரு சின்ன அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் ஸ்விட்சில் 14-ஆம் போர்ட்டின் விளக்கு மட்டும் ஓயாமல் மினுக்கியது, கேபிளைப் பிடித்துக்கொண்டு போனால் மறுமுனையில் சிசிடிவி டிவிஆர். பதிவு அதன் ஹார்ட் டிஸ்க்கிலேயே நடக்கிறது, வெளியிலிருந்து யாரும் பார்ப்பதும் இல்லை. பிறகு யாரோடு பேசுகிறது?

இந்த நேரத்தில் தயவுசெய்து ஆஃப் பண்ணிப் போடாதீர்கள். இப்படிப்பட்ட சாதனங்களில் புகும் மிராய் வகைத் தீய நிரல்கள் பெரும்பாலும் மெமரியில் மட்டுமே இருக்கும், மறுபடி போட்டதும் தடயம் போய்விடும், பாஸ்வேர்ட் பழையதாகவே இருந்தால் அது சீக்கிரமே திரும்பவும் வந்துவிடும்.

லேப்டாப்பை அதே ஸ்விட்சில் செருகி, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால் போதாது. ஸ்விட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் உரிய போர்ட்டுக்கு மட்டும்தான் அனுப்பும். நமக்கு வருவது பிராட்காஸ்ட் மாதிரி பொதுவானவை மட்டும். அதனால் 14-இல் போவது வருவது இரண்டுக்கும் ஒரு நகலை லேப்டாப் இருக்கும் 24-க்கு அனுப்பச் சொன்னேன். சிஸ்கோ ஸ்விட்ச், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு:

```
monitor session 1 source interface Gi1/0/14 both
monitor session 1 destination interface Gi1/0/24
```

அவசரத்தில் பலர் ரவுட்டருக்குப் போகும் அப்லிங்கை மிரர் செய்கிறார்கள். அங்கே மொத்த அலுவலகத்தின் டிராஃபிக்கும் கொட்டும், சம்பந்தமில்லாதவர்களின் விஷயமும் நம் கைக்கு வரும், அப்புறம் போக ஒரு கிகாபிட் வர ஒரு கிகாபிட் என்று இரண்டும் நிரம்பினால் ஒரு கிகாபிட் போர்ட்டில் அடங்காமல் மிச்சத்தை ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். வயர்ஷார்க்கில் `TCP ACKed unseen segment` என்று வரிசையாக வந்தால் நகலில் ஓட்டை விழுந்திருக்கலாம். இன்னொன்று, அந்த டிவிஆர் பக்கத்துக் கணினியைத் தட்டிப் பார்த்தால் அது அப்லிங்கில் தெரியவே தெரியாது.

சரி, என்ன தெரிந்தது? புதிதாக இணைப்பு கேட்கும் பாக்கெட்டுகளை மட்டும் காட்டும் இந்த ஃபில்டரைப் போட்டேன்:

```
tcp.flags.syn==1 && tcp.flags.ack==0
```

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐபி முகவரிகளுக்கு டெல்நெட்டுக்கான 23-ஆம் டிசிபி போர்ட்டைத் தட்டும் பாக்கெட்டுகள், ஏறக்குறைய பத்துக்கு ஒன்று 2323-க்கு. வயர்ஷார்க் சீக்வென்ஸ் எண்ணை 0 என்றுதான் காட்டும், உள்ளே `tcp.seq_raw` மதிப்பைப் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு பாக்கெட்டிலும், போகும் ஐபி முகவரியையே எண்ணாக எழுதியதாக இருந்தது. அதாவது 203.0.113.7-க்குப் போகும் பாக்கெட் என்றால் அதில் ஹெக்ஸ் எண்ணாக CB007107 இருக்கும். 2016-இல் வெளியான மிராயின் மூல நிரலிலேயே இருக்கும் அடையாளம் இது, சாதாரண டிவிஆர் இப்படிச் செய்யாது.

எல்லாச் சந்தேகமும் இவ்வளவு சுலபமாகத் தீராது. டிராஃபிக் என்கிரிப்ட் ஆகியிருந்தால் யாரோடு, எப்போது, எவ்வளவு என்பதுதான் தெரியும், என்ன பேசியது என்று தெரியாது.

பதிவைச் சேமித்த பிறகு டிவிஆரின் கேபிளைக் கழற்றினோம், ரவுட்டரில் அதற்காகத் திறந்துவிட்டிருந்த போர்ட்டை மூடினோம், பிறகு மறுபடி போட்டு பாஸ்வேர்டை மாற்றினோம். கிளம்புமுன் `no monitor session 1` கொடுத்தேன். அதைக் கொடுக்காமல் போயிருந்தால் 24-இல் அடுத்து யார் செருகினாலும் நெட்வொர்க் கிடைத்திருக்காது, டிவிஆரின் டிராஃபிக் முழுவதும் அவருக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கும்.