மீனுக்கு எலுமிச்சை 20 நிமிஷம் போதும்

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகிறேன். இப்போதெல்லாம் மொட்டைமாடியில் கரி அடுப்பு வைத்துச் சுட்டுத் தரச் சொல்கிறார்கள். போய் இறங்கியதும் பல வீடுகளில் கேட்கிற வார்த்தை: “மாஸ்டர், ராத்திரியே மசாலா தடவி வச்சாச்சு.” கோழி என்றால் தைரியமாகத் தட்டைத் திறப்பேன். மீன் என்றால் மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும்.

மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் 4 கிலோ கொடுவா வாங்கி, துண்டு போட்டு, எட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். காலையில் தட்டைச் சாய்த்தால் அடியில் மசாலாத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. துண்டைப் பிட்டுப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய சதை வேகவைத்தது போல வெளுத்திருந்தது. கம்பியில் வைத்ததும் ஒட்டிக்கொண்டது, திருப்பினால் உதிர்ந்தது. சுட முடியாமல் அத்தனையையும் உதிர்த்து, வெங்காயம் பூண்டு போட்டுப் புட்டாக்கிக் கொடுத்தேன்.

காரணம் எலுமிச்சையின் புளிப்பு. அடுப்பின் சூடு மீன் சதையை இறுக்கி வெளுக்க வைக்கிற வேலையைப் புளிப்பும் செய்யும். மீனின் தசைநார் குட்டையானது, அதைச் சேர்த்துப் பிடிக்கிற சவ்வும் மெல்லியது. அதனால் புளிப்பு சீக்கிரம் உள்ளே போய்விடும். ஏற்கெனவே பாதி வெந்த சதையை மறுபடி நெருப்பில் வைத்தால் மிச்ச நீரையும் விட்டு வறண்டுவிடும். புளிக்கரைசலுக்கும் வினிகருக்கும் இதே கதைதான்.

நான் செய்வது இப்படி. உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பூண்டு, எண்ணெய் மட்டும் தடவி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைப்பேன். எலுமிச்சைச் சாறு, கிலோவுக்கு ஒரு பழம், நெருப்பில் வைக்க 20 நிமிஷம் இருக்கும்போதுதான். கீறிய முழு மீன் என்றால் அரை மணி. துண்டின் ஓரத்தைப் பாருங்கள். பால் போல வெளுக்கத் தொடங்கினால் அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், அடுப்புக்குக் கொண்டுபோங்கள்.

கோழிக்கு நேரம் உண்டு. தயிரின் புளிப்பு மென்மையானது, தசையும் மீனை விட உறுதியானது. எலும்பு வரை கீறிய கால் துண்டுகளை, கிலோவுக்கு ஒன்றரை கை கட்டித் தயிரும் உப்பும் மசாலாவும் போட்டுப் பிசறி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கலாம். எலும்பில்லாத நெஞ்சுக்கறிக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். கீறுவது முக்கியம். மசாலா தானாக உள்ளே இறங்குவது ஒரு சில மில்லிமீட்டர்தான். எத்தனை மணி நேரம் வைத்தாலும் கீறாத துண்டின் நடுவில் உப்பு மட்டும்தான் கொஞ்சம் போகும்.

கோழியைக் கெடுப்பது பெரும்பாலும் பப்பாளிக்காய். அதிலுள்ள பப்பெயின் தசையை அறுத்துவிடும். மேல்பகுதியை மட்டும் பிடிக்கும் என்பதால், வெளியே பிசைந்த மாவாகவும் உள்ளே பழைய கெட்டியாகவும் கோழி வரும். விரலால் தேய்த்தால் சதை பசையாக ஒட்டிக்கொண்டு வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஃபிரிட்ஜ் அதை மெதுவாக்கும், நிறுத்தாது. அது வேகமாக வேலை செய்வதே 60, 70 டிகிரிச் சூட்டில்தான், அதாவது அடுப்பில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அறுத்துக்கொண்டே இருக்கும். இளசான பிராய்லருக்கு இது தேவையே இல்லை. முற்றின நாட்டுக்கோழியைச் சுட்டே ஆக வேண்டும் என்றால், கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விழுது, சுடுவதற்கு அரை மணி முன்னால். அவ்வளவுதான்.

பன்னீர் புளிப்பால் திரிந்து உருவானதுதானே. எலுமிச்சையில் ஊறினாலும் அது மிருதுவாகப் போவதில்லை. நேரம் ஏற ஏற உப்பு அதிலிருந்து தண்ணீரை இழுக்கும், மசாலா நீர்த்துப்போய்க் குச்சியில் வழுக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி போதும். கட்டித் தயிரில் இரண்டு கரண்டி வறுத்த கடலைமாவு சேர்த்தால் பிடித்து நிற்கும். பப்பாளி கலந்த கோழி மசாலாவின் மிச்சத்தைப் பன்னீரில் தடவவே தடவாதீர்கள். பச்சைக் கோழி பட்டது ஆகாது, பப்பாளி பட்டால் பன்னீர் பொடிப்பொடியாகிவிடும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அடுப்பு என்றால், முதல் நாள் ராத்திரி கோழிக்குத் தயிர் மசாலா. அன்றைக்கு ஐந்தரைக்கு மீனுக்கு உப்பும் மிளகாயும். ஆறு மணிக்குப் பன்னீர். ஆறு நாற்பதுக்கு எலுமிச்சைச் சாறு. அந்தச் சாறு பிழிகிற வேலையை மட்டும், கரி கனன்று சாம்பல் பூத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு செய்யுங்கள். காற்று எதிர்த்து அடிக்கிற நாளில் கரி பிடிக்க நேரமாகும், மீன் காத்திருக்காது.