தசைக்கு ஊசி, தலைக்கு மாத்திரை

மாப்பிள்ளைக்குத் தோள் அகலமாக இருக்கலாம், நெற்றி மட்டும் அகலமாகிவிடக் கூடாது. இன்றைய இளைஞன் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படுவதெல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு வரியில் அடங்கிவிடும். ஜிம்முக்குப் போகிறவன் தசையைத் தேடுகிறான். கண்ணாடி முன் நிற்கும்போது முன்நெற்றி மயிர்க்கோட்டை அளக்கிறான். இரண்டையும் அவன் தனித்தனிக் கவலைகளாக நினைக்கிறான். உடம்புக்குள் அவை தனித்தனி அல்ல. தசையை வளர்ப்பதும், உச்சந்தலை முடியைச் சுருக்குவதும் ஒரே ஹார்மோன் குடும்பம். ஊசி போட்டுத் தசை வளர்க்கப் போகிறவன் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறான்.

வழுக்கைக்கும் ஆண் ஹார்மோனுக்கும் உள்ள தொடர்பை ஆய்வு வழியாக முதலில் தெளிவாகக் காட்டியவர் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர். 1942-இல் வெளியான அவருடைய கட்டுரையின் சாரம் இது: பருவமடையும் முன்பே விரைகளை இழந்த ஆண்களுக்கு, குடும்பத்தில் எத்தனை பேர் வழுக்கையாக இருந்தாலும், வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி பின்வாங்கத் தொடங்கியது. குடும்பத்தில் வழுக்கை இல்லாதவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஹார்மோனை நிறுத்தியதும் வழுக்கை மேலும் பரவாமல் நின்றது, ஆனால் போன முடி திரும்பவில்லை. ஆக, ஹார்மோனும் வேண்டும், பரம்பரையும் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

சென்னையில் யாரைக் கேட்டாலும் போர் தண்ணீரையும் ஹெல்மெட்டையும்தான் குற்றம் சொல்வார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான். தண்ணீர் தலை முழுக்கத்தான் படுகிறது. பின்தலை முடி மட்டும் ஏன் எழுபது வயதிலும் அப்படியே நிற்கிறது என்பதற்கு அதில் பதில் இல்லை.

பதில் கரீபியன் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில், சாலினாஸ் என்ற கிராமத்தில் கிடைத்தது. அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பெண்ணாகவே வளர்க்கப்பட்டு, பருவ வயதில் குரல் உடைந்து, தசை திரண்டு ஆணாக மாறினார்கள். ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லியும் குழுவினரும் 1974-இல் இவர்களைப் பற்றி எழுதினார்கள். இவர்களிடம் டெஸ்டோஸ்டீரோன் போதிய அளவு இருந்தது. இல்லாதது ஒரு நொதி: 5-ஆல்ஃபா ரிடக்டேஸ். இந்த நொதிதான் டெஸ்டோஸ்டீரோனை அதைவிட வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரோனாக, சுருக்கமாக டிஎச்டியாக மாற்றுகிறது. அது இல்லாத இந்த ஆண்களுக்குத் தசை நன்றாக வளர்ந்தது. தாடி அடர்த்தி குறைவு, புராஸ்டேட் சுரப்பி சிறியது. முன்நெற்றி முடி பின்வாங்கவே இல்லை.

இந்த ஒரு கிராமம் ஒரு பெரிய விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. தசைக்கு டெஸ்டோஸ்டீரோனே போதும், டிஎச்டி தேவையில்லை. தசைக்குள் அந்த நொதி மிகக் குறைவு, வருகிற டிஎச்டியையும் தசை சீக்கிரம் சிதைத்துவிடும். உச்சந்தலை மயிர்க்கால்களில் நிலைமை நேர்மாறு. அங்கே நொதியும் உண்டு, டிஎச்டியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் நிறைய உண்டு.

மயிர்க்கால் ஒரு சுழற்சியில் இயங்குகிறது. தலைமுடி இரண்டு முதல் ஆறு வருடம் வளர்ந்து, சில வாரங்களில் அடங்கி, மூன்று மாதம் போல் ஓய்வெடுத்து உதிரும். அப்புறம் அதே இடத்தில் புது முடி கிளம்பும். மறுதாம்புக் கரும்பு வெட்ட வெட்ட விளைச்சல் குறைவதைப் போல, டிஎச்டிக்கு மசியும் மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சுருங்கி எழுகிறது. வளரும் காலம் குறைகிறது, முடி மெலிகிறது, கடைசியில் பூனைமுடி மட்டும் மிஞ்சுகிறது. எனவே வழுக்கை என்பது முதலில் உதிர்வு அல்ல, மெலிவு. சீப்பில் வரும் முடியை எண்ணிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியை வைத்துப் பார்ப்பது வேறு: பக்கத்துப் பக்கத்து முடிகளில் தடித்ததும் மெல்லியதும் கலந்து கிடக்கிறதா, பின்தலையில் அந்தக் கலப்பு இல்லையா என்று. டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக உதிர்ந்தால் அது வேறு கதை. அது தலை முழுக்க உதிரும், பெரும்பாலும் தானே திரும்ப முளைக்கும்.

பின்தலை மயிர்க்கால்கள் டிஎச்டிக்கு மசிவதில்லை. அவற்றைப் பெயர்த்து முன்னால் நட்டாலும் மசியாது என்று நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் காட்டினார். முடி நடும் சிகிச்சைகள் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

சாலினாஸ் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த மருந்து ஃபினாஸ்டரைடு. அந்த நொதியைத் தடுப்பதுதான் அதன் வேலை. 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரையாகவும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம் மாத்திரையாகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தத்தில் டிஎச்டி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறையும், தசை குறையாது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய நிலை. சிலருக்குப் பாலியல் ஆர்வம் குறையும், மனச்சோர்வும் பதிவாகியிருக்கிறது. அதனால் மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை இது.

சரி, தசைப் பக்கம் வருவோம். ஷலேந்தர் பாசின் குழுவினர் 1996-இல் வெளியிட்ட ஒரு சோதனை, ஜிம் உலகம் வெளியே பேசாத கணக்கைச் சொல்கிறது. ஹார்மோன் குறைபாட்டுக்குக் கொடுப்பதைப் போல ஆறு மடங்கு, அதாவது வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரோனைச் சில ஆண்களுக்கு மட்டும் பத்து வாரம் கொடுத்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லா எடை சுமார் 2 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டு, எடை தூக்காமல் இருந்தவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்குச் சுமார் 6 கிலோ. வியர்வை சிந்தியவனைவிட, சும்மா உட்கார்ந்திருந்து ஊசி போட்டவனுக்கு அதிகம்!

அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான வேறொரு ஆய்வு, ஊசி போடாதவர்கள் எட்டும் உச்சத்துக்கு ஓர் எல்லைக்கோடு போட்டது. கொழுப்பைக் கழித்த எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருகிற எண், ஊசி போடாதவர்களில் ஏறத்தாழ 25-ஐத் தாண்டுவது அரிது. 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு 1.7-இன் வர்க்கம் 2.89. அதை 25-ஆல் பெருக்கினால் 72 கிலோ. கொழுப்பு 12 சதவீதம் என்றால் மொத்த எடை சுமார் 82. ஆறு கட்டு வயிறு தெரிய, அதே உயரத்தில் 95 கிலோ நிற்கும் உடம்பைப் போனில் தினமும் பார்த்துவிட்டு, முட்டையும் புரோட்டீன் பவுடரும் போதும் என்று நம்பினால் ஏமாற்றம் உறுதி. தன் உடம்பு எவ்வளவு திரண்டாலும் இன்னும் ஒல்லி என்றே தோன்றும் மனநிலைக்கு, ஹாரிசன் போப் குழுவினர் 1997-இல் தசைச் சிதைவுணர்வு என்ற பொருளில் தனிப் பெயரே வைத்தார்கள்.

இப்போது ஓர் உதாரணத்தை நடத்திப் பார்ப்போம். 26 வயது இளைஞன் ஒருவன். அப்பாவுக்கு நாற்பதிலேயே வழுக்கை. (அம்மா வழித் தாத்தாவை மட்டும் பார்த்தால் போதும் என்பார்கள். ஆண் ஹார்மோன் ஏற்பியின் மரபணு அம்மா தரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பது உண்மை, ஆனால் வேறு மரபணுக்கள் அப்பா வழியிலும் வருகின்றன.) ஜிம்மில் ஒருவர் சொன்னபடி டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடுகிறான். நாற்பது வயதில் அப்பாவுக்கு நடந்தது இவனுக்கு முன்னதாகவே வேகம் பிடிக்கிறது. பயந்து ஃபினாஸ்டரைடு சேர்த்துக்கொள்கிறான். ஓரளவு உதவும், முழுதாக அல்ல. ஏனென்றால் அளவு மிகுந்த டெஸ்டோஸ்டீரோன் தானே நேராக ஏற்பியில் போய் உட்காரும்.

அடுத்து அவன் ஸ்டானோசோலால் என்ற இன்னொரு தசை மருந்துக்கு மாறுகிறான். அது ஏற்கெனவே டிஎச்டியிலிருந்து செய்த பொருள். நொதிக்கு அங்கே வேலையே இல்லை, நொதியைத் தடுக்கும் மாத்திரைக்கும் வேலை இல்லை. பிறகு அதே வகையில் நாண்ட்ரோலோன். இங்கேதான் வேடிக்கை. அதே நொதி நாண்ட்ரோலோனை வீரியம் குறைந்த பொருளாக மாற்றிவிடும், தலைக்கு அது நல்லது. மாத்திரை போட்டு நொதியைத் தடுத்தால் வீரியம் குறையாத நாண்ட்ரோலோன் மயிர்க்காலிலேயே தங்கிவிடும். முடியைக் காக்கப் போட்ட மாத்திரை முடிக்கே எதிராகத் திரும்புகிறது.

ஊசியை நிறுத்தினாலும் கணக்கு நேராவதில்லை. வெளியிலிருந்து வந்த ஹார்மோனைப் பார்த்து மூளை தன் உற்பத்திக் கட்டளையை நிறுத்தியிருக்கும். விரைகள் மீண்டும் சுரக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் கூடிய தசையில் பெரும்பகுதி கரையும். சுருங்கிய மயிர்க்கால் அப்படித் திரும்புவதில்லை, ஹாமில்டன் பார்த்ததைப் போலவே. தசை தற்காலிகம், வழுக்கை நிரந்தரம் என்ற வியாபாரம் இது.

இவ்வளவு ஆபத்துக்கும் இளைஞர்களைத் தள்ளுவது சொட்டை என்ற கேலிதான் என்று நினைக்கிறேன். நம் சினிமா நெடுங்காலம் மொட்டைத் தலையை அடியாளுக்கும், வழுக்கையைச் சிரிப்புப் பாத்திரத்துக்கும் கொடுத்தது. நாயகனுக்கு விக் வைத்தது. திரைக்கு வெளியே விக் இல்லாமல் வருகிற ரஜினிகாந்த் விதிவிலக்கு. வழுக்கைக்கு ஆண்மை அதிகம் என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. அதுவும் தவறு. வழுக்கை விழுந்தவருக்கு ரத்தத்தில் ஆண் ஹார்மோன் பொதுவாக மற்றவர் அளவில்தான் இருக்கும், மாறுவது மயிர்க்காலின் மசிவுதான். ஆல்பர்ட் மேன்ஸ் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆணின் படத்தை முடியோடும், முடியை அழித்தும் காட்டினார்கள். மொட்டைத் தலையோடு பார்த்தவர்கள் அவரை அதிக வலிமையானவர், உயரமானவர் என்று மதிப்பிட்டார்கள். அழகு மதிப்பெண் மட்டும் கூடவில்லை. பாதி முடியோடு தடுமாறும் தலைக்குத்தான் குறைந்த மதிப்பு கிடைத்தது.

முடிக்காக வரும் இளைஞனிடம் ஊசி உண்டா என்று மருத்துவர் கேட்டால், புரோட்டீன் மட்டும்தான் சார் என்பான். மார்பிலும் முதுகிலும் புதிதாகப் பரு, மார்புக் காம்பின் அடியில் சின்னக் கட்டி, ஏறியிருக்கும் ஹீமோகுளோபின், சிறுத்த விரை: இவை வேறு சொல்லும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினால் போதும். டெஸ்டோஸ்டீரோன் எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், விரைகளுக்குக் கட்டளையிட மூளையின் அடியிலிருந்து வரும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற ஹார்மோன்கள் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டீரோன் உச்சத்தில் இருக்க, இந்த இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் ஹார்மோன் வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.